திசுவிலிருந்து நுரையீரல் வரை: 100 மில்லி இரத்தம் கார்பன் டை ஆக்சைடைச் சுமக்கும் கணக்கு

இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு சதவீதம் பைகார்பனேட்டாகப் போகிறது? ஒரு புத்தகம் 70 என்கிறது, இன்னொன்று 60 என்கிறது. வேறொரு புத்தகத்தைத் திறந்தால் 90 என்று போட்டிருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் இந்த இடத்தில் ஏதாவது ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். மூன்றுமே தவறில்லை. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். 90 என்பது இரத்தத்தில் எப்போதும் இருக்கும் மொத்த CO₂-இன் பங்கு. 60, 70 என்பவை ஒரு சுற்றில் திசுவில் ஏறி நுரையீரலில் இறங்கும் CO₂-இன் பங்கு. இருப்பு வேறு, வரவு வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

ஆகவே 100 மில்லி இரத்தத்தை எடுத்துக்கொண்டு, அது ஓய்வில் இருக்கும் தசைக்குள் நுழைவதிலிருந்து நுரையீரலை விட்டு வெளியேறும் வரை பின்தொடர்வோம்.

## தொடங்கும் முன் இருப்பு

தமனி இரத்தம் 100 மில்லியில் சுமார் 49 மில்லி CO₂ இருக்கிறது. ஆச்சரியமாகத் தோன்றலாம்; அதே இரத்தத்தில் ஆக்சிஜன் 20 மில்லி அளவுதான். "தூய" இரத்தம் என்று நாம் சொல்லும் இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இரண்டு மடங்குக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது.

இந்த 49-இல் 43.8 மில்லி பைகார்பனேட் வடிவில் இருக்கிறது. கரைந்த வாயுவாக 2.6, புரதத்தோடு சேர்ந்த கார்பமினோ சேர்மமாக 2.6. அந்த 90 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது.

தசையைக் கடக்கும்போது இதனுடன் 3.7 மில்லி கூடுகிறது. அவ்வளவுதான் ஒரு சுற்றின் வரவு. அது பிரியும் விதம்: 0.4 மில்லி கரைசலாக, 0.8 மில்லி கார்பமினோவாக, 2.5 மில்லி பைகார்பனேட்டாக. சதவீதத்தில் முறையே ஏறக்குறைய 11, 22, 67. ஓய்வில் உடல் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி CO₂ உற்பத்தி செய்கிறது. 100 மில்லிக்கு 3.7 என்றால், நிமிடத்துக்கு 5.4 லிட்டர் இரத்தம் ஓடினால் கணக்கு சரியாகிறது. இதயம் ஓய்வில் தள்ளும் அளவும் அதை ஒட்டியதுதான்.

## படி 1: கரைதல்

தசைச் செல்லில் உருவான CO₂ முதலில் கரைந்த வாயுவாகத்தான் வெளியே வருகிறது. தமனி இரத்தத்தில் அதன் பகுதி அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், திசுவில் 46-ஐ ஒட்டி இருக்கும். ஆறே மி.மீ. வித்தியாசம். ஆக்சிஜனை நகர்த்துவதற்கு 60 மி.மீ. சரிவு இருக்கும்போது இதற்கு ஆறு போதுமானதாக இருப்பதற்குக் காரணம், CO₂ நீரில் ஆக்சிஜனைவிட 20 மடங்குக்கு மேல் கரையக்கூடியது என்பதுதான்.

ஆனாலும் கரைசல் மட்டும் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு மி.மீ. அழுத்தத்துக்கும் 100 மில்லி இரத்தத்தில் 0.065 மில்லி CO₂ கரைகிறது. ஆறு மி.மீ.க்கு 0.4 மில்லி. தேவையான 3.7 மில்லியையும் கரைசலாகவே கொண்டுபோக வேண்டும் என்றால் அழுத்தம் 57 மி.மீ. ஏற வேண்டும், அதாவது சிரை இரத்தத்தில் 97 ஆக வேண்டும். அந்த அழுத்தத்தில் மனிதன் மயங்கிக் கிடப்பான். ஆகவே கரைந்த CO₂ உடனடியாக வேறு வடிவங்களுக்கு மாறியாக வேண்டும்.

இருந்தாலும் இந்தச் சிறிய பங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். செல் சவ்வைக் கடப்பதும், நுரையீரலின் காற்றறைக்குள் நுழைவதும், மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியை எட்டுவதும் கரைந்த வாயு மட்டுமே. மற்ற இரண்டு வடிவங்களும் எப்போது இறங்க வேண்டுமானாலும் முதலில் இந்த வடிவத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

## படி 2: சிவப்பணுவுக்குள் பைகார்பனேட் உருவாதல்

கரைந்த CO₂ நீருடன் சேரும் வினை இது:

```
CO₂ + H₂O ⇌ H₂CO₃ ⇌ H⁺ + HCO₃⁻
```

பிளாஸ்மாவிலும் இது நடக்கிறது, ஆனால் மெதுவாக. நொதி இல்லாமல் உடல் வெப்பநிலையில் பாதி தூரம் போகவே சில வினாடிகள் பிடிக்கும். தந்துகியில் இரத்தம் தங்குவது ஏறக்குறைய ஒரு வினாடி. நுரையீரலில் அதற்கும் குறைவு, முக்கால் வினாடி. வினை பாதியை எட்டும் முன்பே இரத்தம் கடந்துபோய்விடும்.

1930-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரஃப்டன் ஆகிய இருவரையும் ஒரு நொதியைத் தேட வைத்தது இந்தக் கணக்குதான். நுரையீரலில் CO₂ வெளியேறும் வேகத்தைச் சாதாரண வேதியியலால் விளக்க முடியவில்லை. இரத்தத்தில் ஏதோ ஒன்று வினையை முடுக்க வேண்டும். அவர்கள் சிவப்பணுவிலிருந்து பிரித்தெடுத்ததுதான் கார்பானிக் அன்ஹைட்ரேஸ். அதன் மையத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. அந்தத் துத்தநாகம் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ராக்சைடு நேராக CO₂-வைத் தாக்கிப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. ஒரு நொதி மூலக்கூறு வினாடிக்குப் பத்து லட்சம் CO₂ மூலக்கூறுகளை மாற்ற வல்லது. மேலே எழுதிய சமன்பாட்டில் இடையில் நிற்கும் H₂CO₃-ஐ இந்த நொதி தொடுவதே இல்லை. புத்தகத்தில் அதை எழுதுவது வசதிக்காக; சிவப்பணுவில் அது ஒரு கட்டாய நிறுத்தம் அல்ல.

நொதி இருப்பது சிவப்பணுவில், பிளாஸ்மாவில் இல்லை. ஆகவே கரைந்த CO₂ பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் போய்தான் பைகார்பனேட் ஆகிறது. உருவாகும் இடம் சிவப்பணு என்றாலும், பயணம் செய்வது பெரும்பாலும் பிளாஸ்மாவில். இந்த முரண்தான் குளோரைடை உள்ளே இழுக்கிறது. அதற்கு முன் மறுபக்கத்தில் நிற்கும் H⁺-ஐக் கவனிக்க வேண்டும்.

## படி 3: H⁺ எங்கே போகிறது?

கணக்கு போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். 100 மில்லிக்கு 2.5 மில்லி CO₂ பைகார்பனேட்டாக மாறுகிறது என்றால், ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 25 மில்லி, அதாவது சுமார் 1.1 மில்லிமோல். ஒவ்வொரு பைகார்பனேட்டுக்கும் ஒரு H⁺ பிறக்கிறது. ஆகவே 1.1 மில்லிமோல் அமிலம். நானோமோலில் சொன்னால் 11,00,000.

pH 7.40-இல் இரத்தத்தில் சுதந்திரமாக இருக்கும் H⁺ லிட்டருக்கு 40 நானோமோல் மட்டுமே. பதினோரு லட்சம் நானோமோல் கொட்டிய பிறகும் சிரை இரத்தத்தின் pH 7.36, அதாவது 44 நானோமோல். பதினோரு லட்சத்தில் நான்கு மட்டும் வெளியே மிதக்கிறது. மீதியை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

அந்த யாரோ பெரும்பாலும் ஹீமோகுளோபின். அதன் ஹிஸ்டிடின் பக்கக் கிளைகள் H⁺-ஐ ஏற்கின்றன. அதைவிட முக்கியமான விஷயம், அதே தந்துகியில் அதே நொடியில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜன் போனதும் அதன் வடிவம் மாறுகிறது, சில ஹிஸ்டிடின்கள் H⁺-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடிக்கத் தொடங்குகின்றன. ஒரு மோல் ஆக்சிஜனை விடும்போது ஏறக்குறைய 0.7 மோல் H⁺-ஐ pH மாறாமலேயே ஏற்றுக்கொள்ள முடியும். ஓய்வில் ஒரு மோல் ஆக்சிஜன் செலவானால் 0.8 மோல் CO₂ பிறக்கிறது. அமிலம் பிறக்கும் அளவும், அதை விழுங்கும் கொள்ளளவும் ஏறத்தாழ ஒத்துப்போவதால்தான் pH 0.04 மட்டும் நகர்கிறது.

H⁺-ஐ அகற்றாவிட்டால் என்ன ஆகும்? சமன்பாட்டின் வலது பக்கம் தேங்கும், வினை நின்றுபோகும். நொதி எவ்வளவு வேகமானதானாலும் சமநிலையை எட்டும் நேரத்தைத்தான் குறைக்கும், சமநிலை எங்கே நிற்கும் என்பதை மாற்றாது. அதை மாற்றுவது H⁺-ஐயும் HCO₃⁻-ஐயும் அங்கிருந்து எடுத்துச்செல்வதுதான். முதல் வேலையை ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டது. இரண்டாவது வேலை பாக்கி.

## படி 4: குளோரைடு இடப்பெயர்ச்சி

சிவப்பணுவுக்குள் பைகார்பனேட் சேர்ந்துகொண்டே போகிறது. வெளியே பிளாஸ்மாவில் செறிவு குறைவு. அது வெளியேற விரும்புகிறது. ஆனால் பைகார்பனேட் எதிர்மின் சுமை உடையது. அது தனியாக வெளியேறினால் உள்ளே நேர்மின் சுமை மிஞ்சும்; அந்த மின்விசையே அடுத்த அயனியைப் போகவிடாமல் தடுத்துவிடும். ஒரு நேர்மின் அயனி கூடவே வெளியேறினால் சிக்கல் தீரும்தான். ஆனால் சிவப்பணுவின் சவ்வு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அந்த வேகத்தில் கடக்க விடாது.

மிஞ்சும் ஒரே வழி, ஓர் எதிர்மின் அயனி வெளியேறும்போது இன்னொன்றை உள்ளே எடுப்பது. பிளாஸ்மாவில் ஏராளமாக இருக்கும் எதிர்மின் அயனி குளோரைடு. இந்த மாற்றத்தைச் செய்யும் சவ்வுப் புரதத்துக்குப் பேண்ட் 3 என்று பெயர். ஒரு சிவப்பணுவில் அது ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள் இருக்கிறது. ஒரு HCO₃⁻ வெளியே, ஒரு Cl⁻ உள்ளே. சுமை மாறுவதில்லை, ஆற்றல் செலவும் இல்லை. இரு பக்கச் செறிவு வேறுபாடே எந்தத் திசை என்பதைத் தீர்மானிக்கிறது. முழுதும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். டச்சு உடலியலாளர் ஹாம்பர்கர் பெயராலும் இதைக் குறிப்பிடுவார்கள்.

எவ்வளவு குளோரைடு நகர்கிறது? உருவான பைகார்பனேட்டில் சுமார் 70 சதவீதம் பிளாஸ்மாவுக்குப் போகிறது. ஒரு லிட்டர் இரத்தத்தில் 1.1 மில்லிமோல் உருவானால் 0.8 மில்லிமோல் வெளியேறுகிறது, அதே 0.8 மில்லிமோல் குளோரைடு உள்ளே வருகிறது. ஒரு லிட்டர் இரத்தத்தில் பிளாஸ்மா 0.55 லிட்டர் என்று வைத்தால், பிளாஸ்மா குளோரைடு லிட்டருக்கு சுமார் 1.4 மில்லிமோல் குறைய வேண்டும். தமனியில் 103 இருந்தால் சிரையில் 101.6. உண்மையில் அளந்து பார்த்தாலும் சிரைப் பிளாஸ்மாவில் குளோரைடு ஒன்றிரண்டு மில்லிமோல் குறைவாகத்தான் இருக்கும். குளோரைடு இடப்பெயர்ச்சி புத்தகக் கதை அல்ல என்பதை ஒரு சாதாரண ஆய்வகப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொரு தடயமும் உண்டு. உள்ளே வந்த CO₂ ஒவ்வொன்றுக்கும் சிவப்பணுவில் ஒரு துகள் கூடுகிறது. அது தங்கிவிட்ட பைகார்பனேட்டாக இருக்கலாம், இல்லை அதற்குப் பதிலாக வந்த குளோரைடாக இருக்கலாம். H⁺ ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் அது துகளாகக் கணக்கில் வராது. துகள் கூடினால் சவ்வூடு பரவலால் நீர் உள்ளே வரும், செல் லேசாக உப்பும். சிரை இரத்தத்தில் சிவப்பணுக்களின் கன அளவு தமனி இரத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "குளோரைடு CO₂-வைச் சுமக்கிறது" என்று விடைத்தாளில் எழுதுவார்கள். குளோரைடு எதையும் சுமப்பதில்லை. அது மின் சமநிலைக்காக இடம் மாறுகிறது. சுமப்பது பைகார்பனேட்.

## படி 5: கார்பமினோ

இது நொதி தேவைப்படாத வழி. CO₂ நேராகப் புரதத்தின் அமினோ முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது:

```
R-NH₂ + CO₂ ⇌ R-NH-COO⁻ + H⁺
```

பிளாஸ்மா புரதங்களிலும் இது நடக்கிறது, ஆனால் பெரிய பங்கு ஹீமோகுளோபினுடையது. ஆக்சிஜன் அமரும் இரும்பு மையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. CO₂ ஒட்டுவது குளோபின் சங்கிலிகளின் தொடக்க முனையில். கார்பன் மோனாக்சைடு இரும்பில் உட்கார்ந்து ஆக்சிஜனை விரட்டுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டின் பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் அந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

இங்கேயும் ஒரு H⁺ பிறக்கிறது என்பதைக் கவனிக்க. அதையும் ஹீமோகுளோபின்தான் ஏற்க வேண்டும்.

இருப்பில் கார்பமினோவின் பங்கு ஐந்து சதவீதம்தான். வரவில் மட்டும் 22-க்குத் தாவுகிறது. காரணம், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் CO₂-வை ஆக்சிஜன் நிறைந்ததைவிடப் பல மடங்கு எளிதாகப் பிடிக்கும். தசையில் ஆக்சிஜன் இறங்கும் கணத்தில் இந்தப் பிடிப்பு கூடுகிறது, நுரையீரலில் ஆக்சிஜன் ஏறும்போது தளர்கிறது. மொத்தத்தில் சிறியதாக இருந்தாலும் இந்தப் பகுதி அதிகம் கைமாறுகிறது.

இந்த எண்ணில்தான் புத்தகங்களுக்குள் வேறுபாடு மிகுதி. 23, 30 என்று எழுதுவார்கள். சிவப்பணுவில் இருக்கும் 2,3-டிபிஜி என்ற சேர்மமும் பீட்டா சங்கிலிகளின் அதே முனைக்குப் போட்டியிடுகிறது. அதைக் கணக்கில் எடுத்துச் செய்த அளவீடுகளில் கார்பமினோவின் பங்கு இன்னும் குறைவாகவே வந்தது. ஆகவே இங்கே எந்த எண்ணையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## நுரையீரலில் எல்லாம் பின்னோக்கி

நம் 100 மில்லி இப்போது 52.7 மில்லி CO₂-வுடன் நுரையீரலுக்கு வருகிறது. காற்றறையில் CO₂ அழுத்தம் 40, இரத்தத்தில் 46. கரைந்த வாயு வெளியேறத் தொடங்குகிறது. அதே நேரத்தில் ஆக்சிஜன் ஹீமோகுளோபினில் ஏறுகிறது. அங்கேதான் விசை இருக்கிறது. ஆக்சிஜன் ஏறியதும் ஹீமோகுளோபின் H⁺-ஐ விடுகிறது, கார்பமினோ CO₂-வையும் விடுகிறது. விடுபட்ட H⁺ சிவப்பணுவிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்கிறது. அதே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் வினையைத் திருப்பி ஓட்டி CO₂-வை உண்டாக்குகிறது. உள்ளே பைகார்பனேட் குறைந்ததும் பிளாஸ்மாவிலிருந்து அது உள்ளே வருகிறது, பேண்ட் 3 வழியே குளோரைடு வெளியேறுகிறது. உப்பிய செல் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. முக்கால் வினாடிக்குள் 3.7 மில்லி இறங்கிவிடுகிறது.

ஆக்சிஜன் ஏறுவதால் CO₂ இறங்கும் இந்த விளைவை 1914-இல் கிறிஸ்டியன்சன், டக்ளஸ், ஹால்டேன் மூவரும் விவரித்தார்கள். ஹால்டேன் விளைவு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அழுத்தம் 46-இலிருந்து 40-க்கு விழுவது மட்டும் நடந்து, ஆக்சிஜன் ஏறாமல் இருந்திருந்தால் இறங்கும் CO₂ ஏறக்குறைய பாதியாகிவிடும்.

## எங்கே பிசகும், எப்படித் தெரியும்?

முதலில் ஆய்வகம். தமனி இரத்த வாயுப் பரிசோதனை இயந்திரம் நேரடியாக அளப்பது pH-ஐயும் CO₂ அழுத்தத்தையும். பைகார்பனேட்டை அது கணக்கிட்டுத் தருகிறது:

```
pH = 6.1 + log( [HCO₃⁻] / (0.03 × PCO₂) )
7.40 = 6.1 + log( 24 / 1.2 )
```

உயிர்வேதியியல் ஆய்வகம் தரும் "மொத்த CO₂" வேறு. அது பைகார்பனேட்டோடு கரைந்த வாயுவையும் சேர்த்தது, அதாவது 24 + 1.2. ஆகவே ஒரே நோயாளிக்கு இரண்டு அறிக்கைகளில் ஒன்றுக்குப் பக்கமாக வித்தியாசம் இருந்தால் பதற வேண்டியதில்லை. அதிலும் இரண்டாவது மாதிரி பெரும்பாலும் சிரையில் எடுத்தது என்பதால் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடலாம். மாறாக, மொத்த CO₂ எதிர்பாராமல் குறைந்திருந்து pH மட்டும் சரியாக இருந்தால், குழாய் மூடாமல் நின்றதா என்று முதலில் கேட்க வேண்டும். திறந்த குழாயிலிருந்து CO₂ காற்றுக்குப் போய்விடும்.

அடுத்தது அசெட்டசோலமைடு. இது கார்பானிக் அன்ஹைட்ரேஸைத் தடுக்கும் மருந்து. சிவப்பணுவில் நொதி தேவைக்கு மிக அதிகமாகவே இருப்பதால் வழக்கமான அளவில் பெரிதாகத் தெரியாது. முழுமையாகத் தடுத்தால் படி 2-இல் சொன்ன பழைய சிக்கல் திரும்புகிறது: வினை தந்துகிக்குள் முடிவதில்லை, திசுவில் CO₂ அழுத்தம் ஏறுகிறது. நுரையீரலைத் தாண்டிய பிறகும் பைகார்பனேட் மெதுவாக CO₂-ஆக மாறிக்கொண்டே இருப்பதால் தமனி இரத்தத்திலும் அழுத்தம் ஏறும். மூச்சை வேகப்படுத்த முடிந்தவருக்கு இது பொருட்டில்லை. கடுமையான நுரையீரல் அடைப்பு நோயால் மூச்சைக் கூட்ட முடியாதவருக்கு இது ஆபத்தாகலாம்.

அதே நோயாளிகளிடம்தான் ஹால்டேன் விளைவு எதிர்த்திசையில் காட்டும். நாள்பட்ட அடைப்பு நோய் முற்றியவருக்கு அளவின்றி ஆக்சிஜன் கொடுத்தால் தமனியில் CO₂ அழுத்தம் ஏறும். "ஆக்சிஜன் கிடைத்ததும் மூச்சு விடும் உந்துதல் போய்விட்டது" என்பது பழக்கமான விளக்கம். அது ஒரு பகுதி மட்டுமே. அதிக ஆக்சிஜன் சுருங்கியிருந்த நுரையீரல் நாளங்களைத் திறந்து, காற்று சரியாக வராத பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்புகிறது. கூடவே, ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் நிறைவதால் அது பிடித்திருந்த H⁺-உம் CO₂-உம் விடுபடுகின்றன. ஆரோக்கியமானவர் இன்னும் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டு அந்த CO₂-வை ஊதி விடுவார். இவரால் முடியாது, விடுபட்ட CO₂ இரத்தத்திலேயே அழுத்தமாகத் தங்குகிறது. இத்தகையவர்களுக்கு ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்து, அடுத்தடுத்து வாயுப் பரிசோதனை செய்வது இதனால்தான். CO₂ அழுத்தம் ஏறி pH இறங்கத் தொடங்கினால், ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. குறைத்துச் சரிசெய்ய வேண்டும், தேவைப்பட்டால் முகமூடி வழியாக மூச்சுக்குத் துணை கொடுக்க வேண்டும்.